டீச்சருக்கு வடநாட்டு அம்மா எழுதிய லீவு லெட்டர்: "பாப்பாக்கு அம்மா வந்தது"

பின்னலாடை எழுதியது:

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். எங்கள் லைன் வீட்டில் ஆறு குடும்பம். அதில் நடு வீட்டுக்காரர்கள் பீகாரில் முசாஃபர்பூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த அக்காவுக்கு இங்கே ஐந்தாவது வருஷம். தமிழ் நன்றாகவே பேசுவார். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதப் பழகினார். இப்போது மகள் மூன்றாம் வகுப்பு. அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பார், மெதுவாக எழுதுவார்.

போன செவ்வாய்க்கிழமை மகளுக்காக டீச்சருக்கு அவரே ஒரு லீவு லெட்டர் எழுதி, ஒன்றாம் வகுப்பில் படிக்கும் சின்னவன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். யாரிடமும் காட்டவில்லை. அப்படியே தருகிறேன் (பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றி குஷி என்று வைத்துக்கொள்கிறேன்):

> டீச்சர்
> குஷி பாப்பாக்கு அம்மா வந்தது
> நாளை இருந்து பல்லி வராது
> லீவு கொடு

டீச்சர் என்ன நினைத்தார் தெரியுமா? ஊரிலிருந்து பாட்டியோ யாரோ வந்திருக்கிறார்கள், நாளையிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள் என்று. வடநாட்டுப் பிள்ளைகள் ஹோலி, சட் பூஜை என்று போய்த் திரும்பாமலே போவது உண்டு என்பதால், அவருக்கு அதுதான் முதலில் தோன்றியிருக்கிறது. புதன்கிழமை சின்னவனிடம் "டிசி வாங்கப் போறீங்களாடா?" என்று கேட்டிருக்கிறார். அவன் வீட்டில் வந்து சொல்ல, அக்கா பயந்துபோய் என்னிடம் ஓடி வந்தார். பள்ளிக்கூடத்தைவிட்டு அனுப்புகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

விஷயம் என்னவென்றால், பிள்ளைக்கு அம்மை. திங்கட்கிழமை காலையிலேயே உடம்பெல்லாம் கொப்புளம். அன்றிலிருந்தே பள்ளிக்குப் போகவில்லை.

நான் உடனே ஒரு முழு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், "மேற்கண்ட காரணத்தினால்" எல்லாம் போட்டு. அக்கா அதைப் பார்த்து எழுத ஆரம்பித்து நாலாவது வரியில் பேனாவை வைத்துவிட்டார். "இது உன் லெட்டர். என் லெட்டர் இல்லை" என்றார். அவருக்கு அவரே எழுத வேண்டும். அடுத்த முறையும் என்னிடம் வரக்கூடாது என்பதுதான் அவர் ஆசை.

அவர் அளவுத் தமிழில், டீச்சருக்குச் சரியாகப் புரியும்படி, எப்படி எழுதச் சொல்வது? பள்ளியில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

வேலு_67:

விடுப்பு விண்ணப்பத்துக்கு ஒரு முறை இருக்கிறது. இடதுபுறம் அனுப்புநர், அதன்கீழ் பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, பொருள், அப்புறம் செய்தி, "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள", கையொப்பம், இடம், நாள். இதில் எதை விட்டாலும் விண்ணப்பம் செல்லாது. மூன்று நாளுக்கு மேல் என்றால் மருத்துவச் சான்றும் கட்டாயம். இவை இருந்தால்தான் வருகை கொடுப்பார்கள். சுருக்கமாக எழுதப் பழக்கினால் அந்தம்மா கடைசிவரை சரியாக எழுதமாட்டார்.

---

இரவு_ஷிப்ட்:

எதற்கு லெட்டர்? டீச்சர் நம்பருக்கு ஒரு வாய்ஸ் அனுப்பினால் முடிந்தது.

---

ஓய்வு_டீச்சர்:

31 வருஷம் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் இருந்தவள். கடைசிப் பதினோரு வருஷம் உங்கள் மாவட்டத்தில்தான். ஒடியா, இந்தி, வங்காளம், நேபாளி பேசும் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள்.

முதலில் வேலு சார் சொன்னதற்கு. நீங்கள் சொல்லும் அமைப்பு பிள்ளைகள் தமிழ்ப் பரீட்சையில் மார்க் வாங்க எழுதுவது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா கிழித்த நோட்டுத் தாளில் எழுதி அனுப்பினால் எந்த டீச்சரும் "பொருள் எங்கே?" என்று கேட்பதில்லை. நீண்ட லீவுக்கு டாக்டர் சீட்டு இருந்தால் நல்லது, சில பள்ளிகளில் கேட்கவும் செய்வார்கள், அதுவரை சரி. ஆனால் லெட்டர் கொடுத்தால் வருகை போடுவார்கள் என்பது தவறு. வராத நாள் வராத நாள்தான். லெட்டர் எதற்கென்றால், பிள்ளை ஏன் வரவில்லை, எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரிவதற்கு. தெரியாவிட்டால் வீடு தேடி வர வேண்டியிருக்கும்.

வாய்ஸ் அனுப்பலாம்தான். காலையில் பிரேயர், வருகைப்பதிவு, சாப்பாட்டுக் கணக்கு என்று ஓடும்போது அதை யார் கேட்பது? நான் லீவில் இருந்தால் என் வகுப்பைப் பார்க்கும் டீச்சர் பதிவேட்டைத் திறப்பார், என் போனைத் திறக்க முடியாது. தாள் என்றால் பதிவேட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருப்பேன்.

இனி அந்த லெட்டர். அதில் எத்தனை தப்பு என்று எண்ணாதீர்கள். எந்தத் தப்பு டீச்சரை ஏமாற்றியது என்று பாருங்கள். "பல்லி வராது" என்பது யாரையும் ஏமாற்றவில்லை. பள்ளியைப் பல்லி என்று எழுதும் உள்ளூர்ப் பிள்ளைகள் எனக்கு வருஷத்துக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். "பாப்பாக்கு" பேச்சுவழக்கு, புரிகிறது. "பாப்பா வராது" என்று அஃறிணையில் எழுதியது தப்பே இல்லை, நாமும் குழந்தையை அப்படித்தான் சொல்கிறோம்.

ஏமாற்றியவை இரண்டே இரண்டு. ஒன்று "அம்மா வந்தது". இன்னொன்று "நாளை".

"நாளை" ஏன் வந்தது என்றால், இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல், "கல்". "கல் ஸே" என்றால் நேற்றிலிருந்து என்றும் பொருள், நாளையிலிருந்து என்றும் பொருள். வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று பிரிப்பார்கள். அந்த அம்மா மனதில் "கல் ஸே" ஓடியிருக்கிறது, தமிழில் இரண்டு சொல் இருக்கிறது, கைக்குக் கிடைத்ததை எழுதிவிட்டார். முந்தாநாளுக்கும் நாளை மறுநாளுக்கும்கூட அவர்களுக்கு ஒரே சொல்தான், "பர்ஸோன்". இந்தி வீட்டு லெட்டரில் "நாளை" என்று பார்த்தால் அதை நம்பாமல், கூட வரும் தம்பி தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என் பழக்கம். உங்கள் டீச்சர் புதியவராக இருப்பார்.

நேற்று, நாளை இரண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். அவசரத்தில் திரும்பவும் மாறும். அந்த இரண்டு சொல்லையும் லெட்டரில் எழுதவே வேண்டாம் என்று சொல்லுங்கள். கிழமையும் தேதியும் போட்டால் போதும். "திங்கள் 3.2.2025 முதல்". எண் எந்த மொழியிலும் மாறாது.

---

பாலா_பெங்களூர்:

எங்கள் வீட்டில் இதே கூத்து, திசை மட்டும் மாறி. நான் தர்மபுரிக்காரன், பையன் இங்கே படிக்கிறான். டைரியில் கன்னடத்தில் எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. காய்ச்சல் முடிந்து பையனைத் திரும்ப அனுப்பும் அன்று, "இரண்டு நாள் வரவில்லை" என்று எழுதுவதற்காக "பரல்ல" என்று எழுதினேன். அது "வரமாட்டான்" என்றாம். "வரவில்லை" என்றால் "பரலில்ல" என்று எழுத வேண்டுமாம். நடுவில் ஒரு "லி" போனதில், பையன் முன்னால் நின்றுகொண்டிருக்க, மிஸ் என்னைக் கூப்பிட்டு "இவன் வரமாட்டான் என்று எழுதியிருக்கிறீர்களே, இது யார்?" என்று கேட்டார்.

தமிழும் கன்னடமும் பக்கத்துப் பக்கத்து மொழி, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கிட்டத்தில் இருக்கும் மொழிதான் காலை வாருகிறது. எனக்கு யாராவது கன்னடத்தில் ஒரு மாதிரி லெட்டர் தர முடியுமா?

---

பின்னலாடை:

பாலா அண்ணா, கன்னடத்துக்குத் தனி இழை போடுங்கள் :)

டீச்சரம்மா, "கல்" விஷயம் அக்காவிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். "ஆமா, எப்பவும் இதுதான் கன்ஃபியூஸ்" என்றார். கம்பெனியிலும் ஒருமுறை "நாளை லீவு போட்டேன்" என்று சொல்லி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாராம்.

"அம்மா வந்தது" பற்றிச் சொல்லுங்கள். நான் முதலில் "அம்மை" என்று எழுதவந்து ஐகாரம் விட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் இல்லை என்கிறார். "அம்மா" என்றுதான் எழுதினேன், அதுதானே சரி என்கிறார்.

---

ஓய்வு_டீச்சர்:

அவர் சொல்வதுதான் நிஜம். அது எழுத்துப்பிழை இல்லை, மொழிபெயர்ப்பு. வடக்கே பெரியம்மையை மாதா என்றும் சின்னம்மையை சோட்டி மாதா என்றும் சொல்வார்கள். பிள்ளைக்கு அம்மை கண்டால் "மாதா ஆயீ ஹை", அதாவது மாதா வந்திருக்கிறாள். அங்கே சீதளா மாதா, இங்கே மாரியம்மன். மாதா என்றால் தமிழில் அம்மா, ஆயீ என்றால் வந்தது. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் மாற்றியிருக்கிறார்.

இன்னும் வேடிக்கை, இது நம் பேச்சிலும் உண்டு. என் மாமியார் அம்மை என்று வாயால் சொல்லமாட்டார். "ஆத்தா வந்திருக்கா" என்பார். "அம்மா வார்த்திருக்கு" என்று சொல்லும் வீடுகளும் உண்டு. அந்த லெட்டரை என் மாமியார் படித்திருந்தால் சட்டென்று புரிந்துகொண்டு வேப்பிலை பறிக்கப் போயிருப்பார். இருபத்தைந்து வயது டீச்சருக்குத்தான் புரியவில்லை.

---

கிராம_செவிலி:

மொழி விஷயம் சரி. ஆனால் நடுவில் ஒன்று கவனித்தீர்களா? அம்மை என்று டீச்சருக்குத் தெரியாததால் மற்ற வீடுகளுக்கு யாரும் சொல்லவில்லை. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அது பரவும். அந்தப் பிள்ளை முந்தின வெள்ளிக்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னவனுக்கு இப்போது ஒன்றுமில்லை என்றாலும் 10 முதல் 21 நாளுக்குள் வரலாம், பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்து. அவனை இப்போதே நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அக்காளுக்கு அம்மை என்று அவன் டீச்சருக்கும் தெரிந்திருக்க வேண்டும். லெட்டரில் தம்பியைப் பற்றி ஒரு வரி சேருங்கள்.

"எப்போது வருவாள்" என்பதற்குத் தேதி போட வேண்டாம். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு கட்டிய பிறகு அனுப்பலாம். அது பெரும்பாலும் ஒரு வாரம், சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூட.

---

வேலு_67:

மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அனுப்ப வேண்டும். அதுதான் வழக்கம்.

---

கிராம_செவிலி:

ஊற்றட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றியும் ஒரு கொப்புளத்தில் நீர் நின்றால் அனுப்பக்கூடாது. நான் பார்ப்பது கொப்புளத்தைத்தான்.

---

ஜகந்நாத்_பல்லடம்:

வணக்கம். நான் ஒடிசா. கஞ்சம் மாவட்டம். பல்லடத்தில் 9 வருஷம். தமிழ் எழுதப் படித்தது யூடியூப் பார்த்து, பிறகு மகன் புத்தகம் பார்த்து. தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

டீச்சர் அம்மா சொன்னது ஒடியாவிலும் இருக்கிறது. நேற்று, நாளை இரண்டும் காலி. கத காலி என்றால் நேற்று, ஆசந்தா காலி என்றால் நாளை. பேசும்போது காலி மட்டும் சொல்வோம். எங்களுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. அவன், அவள் எங்களுக்கு ஒரே வார்த்தை, ஸே. வந்தான், வந்தாள் என்று மாற்றுவது இல்லை. நான் என் மகன் டீச்சருக்கு "என் மகன் நாளை வருவாள்" என்று எழுதினேன். மகன் பார்த்துவிட்டு அழுதான். கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த லெட்டரில் "லீவு கொடு" என்று இருக்கிறது. யாரும் அதைப் பேசவில்லை. டீச்சருக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் நாங்கள் தமிழ் எங்கே படித்தோம்? கம்பெனியில். கம்பெனியில் எங்களிடம் யாரும் "எடுங்க", "வாங்க" என்று சொல்வதில்லை. எடு, வா, போ, சீக்கிரம் முடி. நாங்கள் கேட்டது அதுதான். கொடு என்பது தமிழ் என்று நினைத்தோம்.

---

பின்னலாடை:

ஜகந்நாத் அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. என் டேபிளில் பீஸ் எடுத்துக் கொடுக்கும் பிள்ளையை நான் "எடு, வை" என்றுதான் சொல்கிறேன். அக்காவையே அப்படித்தான் பேசியிருப்பேன், அவர் என்னைவிடப் பெரியவர்.

---

ஓய்வு_டீச்சர்:

ஜகந்நாத் தம்பி, இந்தியில் ஆப், தும் என்று மரியாதை வித்தியாசம் இருக்கிறதே, இவர்களுக்கு ஏன் தமிழில் மட்டும் வராமல் போகிறது என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். நீங்கள் இரண்டு வரியில் சொல்லிவிட்டீர்கள். நானும் ஒருமுறை இப்படி ஒரு லெட்டரைப் பார்த்துக் கோபப்பட்டவள்தான்.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன சொல்லலாம் என்று இரண்டு நாளாக யோசித்தேன். கஷ்டமே வினைச்சொல்லின் வால்தான். வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள், வரமாட்டாள் என்று ஆளுக்கு ஏற்றபடி மாறும். ஆனால் தமிழில் வால் மாறாத சில சொற்கள் இருக்கின்றன. லெட்டரை அவற்றை வைத்தே எழுதிவிடலாம்.

"வரவில்லை". நான் வரவில்லை, அவள் வரவில்லை, அவர்கள் வரவில்லை. யாருக்கும் ஒரே சொல். ஜகந்நாத் தம்பி "மகன் வரவில்லை" என்று எழுதியிருந்தால் பையன் அழுதிருக்கமாட்டான். "வேண்டும்" என்பதும் அப்படித்தான். "லீவு கொடு", "லீவு கொடுங்கள்" என்று யோசிக்கவே வேண்டாம், "லீவு வேண்டும்" என்று எழுதினால் மரியாதைக் குறைவு கிடையாது. இன்னும் கொஞ்சம் பணிவு வேண்டுமென்றால் முன்னால் "தயவுசெய்து" போடலாம், ஆனால் தேவை இல்லை.

நோயைச் சொல்ல வினைச்சொல்லே வேண்டாம். "குஷிக்குக் காய்ச்சல்." முற்றுப்புள்ளி. தமிழில் இது முழு வாக்கியம். இந்திக்காரர்களுக்கு இது சுலபமாக வரும், ஏனென்றால் அவர்களும் "குஷி கோ புகார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்களுடைய "கோ" இருக்கும் இடத்தில் நம்முடைய "க்கு". கடைசியில் அவர்கள் ஒரு "ஹை" போடுவார்கள், நாம் அதை விட்டுவிடுகிறோம். நடுவில் க் போட மறந்தாலும் ஒன்றும் ஆகாது.

வீட்டில் இருக்கும் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கிழமை பார்த்து எழுதலாம். இதுதான் என் லெட்டர்:

> 6.2.2025 வியாழன்
> டீச்சர், வணக்கம்.
> என் மகள் குஷி. 3ஆம் வகுப்பு, அ பிரிவு.
> குஷிக்கு அம்மை.
> திங்கள் 3.2.2025 முதல் வரவில்லை.
> கொப்புளம் காய வேண்டும். அதுவரை லீவு வேண்டும்.
> தம்பி 1ஆம் வகுப்பு. தம்பிக்கு அம்மை இல்லை.
> குஷி அம்மா
> (போன் நம்பர்)

வகுப்பும் பிரிவும் அவசியம். குஷி என்ற பெயரில் ஒரே வகுப்பில் இரண்டு பேர் எனக்கு இருந்திருக்கிறார்கள். போன் நம்பர் எதற்கென்றால், புரியாவிட்டால் நான் கூப்பிட்டுக் கேட்பேன். கீழே பெயர் அம்மாவின் கையெழுத்தில் இருக்கட்டும். பிள்ளைகளே அம்மா மாதிரி எழுதிக்கொண்டு வருவதும் நடக்கிறது. அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, நான்தான் எழுதினேன் என்பார்கள். முக்கால்வாசி உண்மையாக இருக்கும்.

---

இரவு_ஷிப்ட்:

மீதிக் கால்வாசியில் நானும் ஒருவன். எங்கள் வீட்டில் தெலுங்கு, அம்மாவுக்குத் தமிழ் எழுத வராது. ஆறாவதில் என் பாட்டியை நான் மூன்று முறை சாகடித்திருக்கிறேன்.

---

வேலு_67:

"குஷிக்கு அம்மை" என்பதெல்லாம் தந்தி வாசகம். தமிழை இப்படி எலும்பாக்கிக் கற்றுக்கொடுத்தால் எப்படி? "அம்மை போட்டிருக்கிறது" என்று எழுதச் சொல்லலாமே. ஒரு சொல்தானே கூட.

---

ஓய்வு_டீச்சர்:

எழுத வந்தால் எழுதட்டும், அழகான வழக்குதான். ஆனால் அந்த ஒரு சொல்லில் ட், டி, ரு, கி, ற என்று ஐந்து இடத்தில் பேனா நிற்கும். காய்ச்சலோடு பிள்ளை மடியில் கிடக்கும்போது எழுதும் லெட்டர் அது.

---

ஜகந்நாத்_பல்லடம்:

நான் இதில் வேலு ஐயா பக்கம். மன்னிக்கவும் டீச்சர் அம்மா.

உங்கள் லெட்டர் நன்றாக இருக்கிறது. டீச்சருக்குப் புரியும். ஆனால் என் மகன் படிப்பான். அவன் ஐந்தாம் வகுப்பு, தமிழில் முதல் மார்க். அப்பா சின்னக் குழந்தை மாதிரி எழுதுகிறார் என்று நினைப்பான். நான் இப்போது "வரவில்லை" என்று எழுதுகிறேன், "வரல" என்று எழுதுவதில்லை. பேசும்போது எல்லோரும் வரல என்றுதான் சொல்கிறார்கள், புத்தகத்தில் வரவில்லை. இது இரண்டு தமிழ் என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. யாரும் சொல்லவில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் கஷ்டமான லெட்டர் வேண்டும். தப்பு வந்தாலும் சரி.

---

ஓய்வு_டீச்சர்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. நான் டீச்சர் பக்கத்திலிருந்தே யோசித்துவிட்டேன். லெட்டரைத் தூக்கிவரும் பிள்ளை அதைப் படிக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"வரல" பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்த அம்மா காதால் கேட்ட தமிழை எழுதினால் "வரல", "ஒடம்பு சரியில்ல" என்றுதான் வரும். அதை எந்த டீச்சரும் புரிந்துகொள்வார். ஆனால் அப்படிக் காதால் எழுதும்போதுதான் ல, ள குழப்பம் கூடும். புத்தகத்தில் கண்ணால் பார்த்த சொல் என்றால் எழுத்து நினைவில் நிற்கும். அதனால் "வரவில்லை" என்பதை மகள் புத்தகத்திலேயே தேடிக் காட்டுங்கள். எங்காவது இருக்கும்.

---

பாலா_பெங்களூர்:

ஜகந்நாத் சொல்வது எனக்குச் சுருக்கென்று இருந்தது. என் பையனும் என் கன்னடத்தைப் படித்துவிட்டுத்தான் டைரியை மூடுகிறான். ஒருமுறை நான் எழுதியதற்கு மேல் பென்சிலால் திருத்தி வைத்திருந்தான். மிஸ்ஸுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தான்போல.

(கன்னட மாதிரி லெட்டர் இன்னும் யாரும் தரவில்லை.)

---

பின்னலாடை:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். டீச்சரம்மா லெட்டரை அக்காவிடம் காட்டினேன். "வரவில்லை" மகள் புத்தகத்தில் கிடைக்கவில்லை, சின்னவன் புத்தகத்தில் கிடைத்தது. அக்கா எழுத இருபது நிமிஷம் ஆனது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், பேனாவைத் தொடவில்லை. "தம்பிக்கு அம்மை இல்லை" என்ற வரியில் மட்டும் நின்றார். "நாளைக்கு வந்தால் பொய் ஆகிவிடுமே" என்றார். அதனால் "இன்று இல்லை" என்று மாற்றினார். நேற்றும் நாளையும்தான் குழப்பம், இன்று குழப்பமே இல்லையாம்.

டீச்சர் அன்றைக்கே போன் செய்துவிட்டார். டிசி பேச்சுக்கு வருத்தமும் சொன்னார். அடுத்த நாள் பிரேயரில் அம்மையைப் பற்றி அறிவித்தார்களாம். குஷி 12ஆம் தேதி புதன்கிழமை போய்விட்டாள். செவ்வாயே போகத் தயாராகிவிட்டாள், அன்றைக்குத் தைப்பூச லீவு.

வேலு ஐயா, மூன்று தண்ணீரும் ஊற்றினார்கள். வேப்பிலை நான்தான் பறித்துக் கொடுத்தேன்.

---

வேலு_67:

மகிழ்ச்சி. "பொருள்" என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

---

பின்னலாடை (பன்னிரண்டு நாள் கழித்து):

செவிலி அக்கா சொன்னது நடந்துவிட்டது. சின்னவனுக்கும் வந்துவிட்டது, சரியாக இரண்டு வாரம். நான் ஷிப்ட்டில் இருந்தேன். அக்கா தானே எழுதி, குஷி கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். குஷி போட்டோ எடுத்து வைத்திருந்தாள்:

> 18.2.2025 செவ்வாய்
> டீச்சர் வணக்கம்
> என் மகன் 1ஆம் வகுப்பு. குஷி தம்பி
> தம்பிக்கும் அம்மை
> இன்று செவ்வாய் முதல் பல்லி வரவில்லை
> கொப்புளம் காய வேண்டும் அதுவரை லீவு வேண்டும்
> குஷிக்கு அம்மை இல்லை முடிந்தது
> குஷி அம்மா

"தம்பிக்கும்" என்ற "உம்" நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பல்லி அப்படியே இருக்கிறது.

---

ஜகந்நாத்_பல்லடம்:

பள்ளி சரி செய்ய வேண்டாம் என்று குஷியிடம் சொல்லுங்கள். அம்மாவே கண்டுபிடிக்கட்டும்.

---

பின்னலாடை:

தாமதம் அண்ணா. ஸ்கூல் வாசலிலேயே அடித்துத் திருத்திவிட்டாளாம்.